பாலிசியில் இன்னும் அம்மா பெயர்தான்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரத்தில் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். கறிச்சோறு ஒரு பக்கம், பணம் எண்ணும் இயந்திரம் ஒரு பக்கம், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் ஒரு பக்கம். 2019ஆம் ஆண்டு ஒரே விருந்தில் ஒருவருக்கு 4 கோடி ரூபாய் மொய் விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு பெரிய தொகைக்கு வங்கி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. இருப்பது ஒரு நோட்டு மட்டும். எந்த ஊர், யார் மகன், எத்தனை ரூபாய், எந்த வருஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிற இதே வீடுகளில், எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி யார் என்று கணவரிடமோ மனைவியிடமோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும், "கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, அம்மா பேர்தான் போட்டிருப்பேன்" என்று வரும்.

இந்தப் பதிலில்தான் சிக்கல் தொடங்குகிறது. அம்மா பெயர் இருப்பதில் தவறு ஒன்றுமில்லை. அந்தப் பெயருக்குச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்பது ஒவ்வொரு காகிதத்துக்கும் வேறாக இருக்கிறது. அது பத்து ஆண்டுகளுக்கு முன்பு மாறியும் இருக்கிறது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

முதலில் பழைய கதை. 1967இல் வட இந்தியாவில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பாலிசிகள். நாமினி, மனைவி. தாயும் மகனும் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சர்பதி தேவி எதிர் உஷா தேவி என்ற அந்த வழக்கில் 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: நாமினி என்பவர் நிறுவனத்திடம் இருந்து பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், பணம் வாரிசுகளுக்குச் சொந்தமானது. வாங்கியவர் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் நிலைமை. பிறகு காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவைத் திருத்தினார்கள். 2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணத்தின் பயன் முழுவதும் அவருக்கே போகும். விதவைகள் உறவினர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்ற நல்ல நோக்கத்தில் வந்த திருத்தம். ஆனால், நாமினி இடத்தில் மனைவியின் பெயர் இருந்தால்தானே அவளுக்கு அது நல்லது?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் கந்தர்வகோட்டையில் இருந்து மணமேல்குடி வரை எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியது. கணவருக்கு வயது 38. தினமும் பஸ் ஏறித் திருச்சியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். மனைவிக்கு 34. பிள்ளைகள் இரண்டு. கூடவே இருக்கும் அம்மாவுக்கு 63. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கணவர் 24 வயதில், வேலைக்குச் சேர்ந்த கையோடு, தெரிந்த ஏஜெண்ட் சொன்னார் என்று 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்தார். நாமினி, அம்மா.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. 1983 தீர்ப்பின் கணக்கில் 5 லட்சம் நாலாகப் பிரிந்து ஆளுக்கு 1.25 லட்சம். அம்மா கையில் முழுப் பணமும் வந்தாலும் 3.75 லட்சத்தை மருமகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கொடுக்கக் கடமைப்பட்டவர். திருத்தத்துக்குப் பிந்தைய வாசகத்தை நேராகப் படித்தால், 5 லட்சமும் அம்மாவுக்கே. இதை ஏற்காமல் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. ஆனால் அதை நம்பி இருப்பது, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வழக்குக்கு அலைவதை நம்பி இருப்பதுதான். அந்த அம்மா பணத்தை வைத்துக்கொள்ளும் பெண்மணியாக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு இன்னொரு மகன், ஒரு மகள், மகளின் கணவர் எல்லாம் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இதே மனிதரின் வருங்கால வைப்பு நிதிக்கு விதி நேர்மாறு. மணமாகாத காலத்தில் யார் பெயரைக் கொடுத்திருந்தாலும், குடும்பம் என்று ஒன்று வந்ததும் அந்த நியமனம் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் பணம் போய்விடாது. திட்டம் குடும்பத்தார் என்று வரையறுக்கும் உறவுகளுக்குள் பிரித்துக் கொடுப்பார்கள், அதற்கு அதிகச் சான்றுகளும் அதிக மாதங்களும் ஆகும். அந்த நிதியோடு ஒட்டிய காப்பீடு ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 7 லட்சம் வரை. பணியில் இருக்கும்போது இறந்தால் கிடைப்பது. தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக ஒரு பைசா பிடிப்பதில்லை, நிறுவனம்தான் கட்டுகிறது. அதனாலேயே சம்பளச் சீட்டிலும் தெரியாது, வீட்டிலும் தெரியாது.

வங்கிக் கணக்கு மூன்றாவது ரகம். அங்கே நாமினி இன்றைக்கும் வாங்கிக்கொடுப்பவர்தான். வாரிசுகள் பங்கு கேட்கலாம். நமது கற்பனை மனிதரின் கணக்கில் நாமினி அப்பா. அவர்தான் இல்லையே. ஆக நாமினியே இல்லாத கணக்கு அது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். இதற்கு ஒரு படிவம் போதும்.

ஆக ஒரே மனிதர், மூன்று காகிதங்கள், மூன்று விதிகள். "நாமினி எல்லாம் போட்டாச்சு" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, மாற்றிவிடலாம் என்று கணவர் கிளம்பினால், வீட்டில் கிளம்புவது வேறு. "அவ வந்து பத்து வருஷம் ஆகல, பெத்தவ பேர அடிச்சுட்டான்" என்று திண்ணையில் பேச்சு வரும். நாமினியை மாற்ற பழைய நாமினியின் சம்மதம் தேவையில்லை, அவருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இறந்த பிறகு அது தெரியவரும்போது, மகன் மீது காட்ட முடியாத கோபம் முழுக்க மருமகள் மீது போய் விழும். பாலிசியில் ஒன்றுக்கு மேற்பட்ட நாமினிகளைப் போட்டுச் சதவீதம் குறிக்க வழியிருக்கிறது. மனைவிக்கு 75, அம்மாவுக்கு 25 என்று போட்டால், வாரிசுரிமைச் சட்டம் தரும் அதே கால் பங்கு அம்மாவுக்கு வந்துவிடுகிறது. "ஒனக்கும் இதுல இருக்கும்மா, நான் இல்லாட்டியும் நீ யார் கையயும் பாத்து நிக்க வேணாம்" என்று மகன் வாயால் சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நல்லது. படிவத்தை நிரப்பிப் பீரோவில் வைத்தால் செல்லாது. நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறியதற்கான ஒப்புதலை வாங்கி பாலிசியோடு வைக்க வேண்டும்.

பிள்ளைகள் பெயரைப் போடலாமே என்பார்கள் சிலர். போடலாம். 18 வயது ஆகாத பிள்ளை நாமினி என்றால், அந்த வயது வரும்வரை பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ஏஜெண்டுகள் அப்பாயின்டி என்பார்கள். அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும் பாலிசிகள் பல.

இனி, பணம் வரும்வரை என்ன செய்வது என்ற பேச்சு. எந்தக் காப்பீடும் கருமாதிக்குள் வந்து சேராது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம், வங்கிக் கணக்கு விவரம் என்று இரண்டு மூன்று மாதம் கைவசம் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். நமது குடும்பத்தில் மளிகை, பால், காய்க்கு 9,000. பள்ளி வேனுக்கும் டியூஷனுக்கும் 3,000. மகளிர் குழுக் கடன் தவணை 2,500. அம்மாவின் சர்க்கரை மாத்திரை 1,500. கரண்டு, கேஸ், செல்போன் 2,000. மாதம் 18,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு 54,000. காரியச் செலவையும் சேர்த்தால் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். இந்த ஒரு லட்சம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. யார் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருந்தால், அவருடைய ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் மனைவியிடம் இருந்தாலும் அது பதில் இல்லை. இறப்புக்குப் பிறகு அந்த அட்டையில் பணம் எடுப்பது முறையாகாது. மற்ற வாரிசுகள் பிற்பாடு அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். வங்கியில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றித் தரச் சொன்னால், ஒருவர் இல்லாதபோது மற்றவர் எடுக்கலாம். இரண்டு பேர் பெயரும் இருந்தாலும் 'இருவரும் சேர்ந்து' என்ற முறையில் திறந்த கணக்கு அப்படி நடக்காது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எந்த முறை என்று அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் வீட்டில் இதற்குப் பதிலாக 'பவர்' இருக்கும். மனைவிக்கோ தம்பிக்கோ பவர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை வைத்தே எல்லாம் நடக்கும். பொதுவாக, எழுதிக் கொடுத்தவரின் உயிரோடு அந்தப் பவரும் முடிந்துவிடும். எதற்காக எழுதி வைத்தார்கள் என்று நினைக்கிறார்களோ, சரியாக அந்த நாளில் அது உதவாது.

அவசரத்துக்கு நம் ஊரில் பணம் என்றால் நகைதான். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் அரை நாளில் காசு. ஆனால் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருப்பார். வங்கிக்குத் தெரிந்ததெல்லாம் கடன் வாங்கியவர் பெயர். அவர் இறந்துவிட்டால், தன் தாய்வீட்டு நகையை மீட்கவும் அந்தப் பெண் வாரிசுச் சான்றிதழோடு நிற்க வேண்டும். மாமியாரின் கையெழுத்தையும் கேட்க வேண்டி வரலாம். அடுத்த முறை திருப்பி வைக்கும்போது அவள் பெயரிலேயே வைத்தால் தீர்ந்தது. செலவில்லாத மாற்றம் இது. நான் ஒரு குடும்பத்துக்கு முதலில் எதைச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது பைக். சொந்த வண்டியின் காப்பீட்டில், உரிமையாளர் தானே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் பகுதி ஒன்று உண்டு. நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே அது பொருந்தும், அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். மச்சானிடம் வாங்கிய பழைய வண்டியைப் பெயர் மாற்றாமல் மூன்று வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த 15 லட்சம் இவருக்கு இல்லை. புது வண்டிக்கு ஐந்து வருஷ இன்சூரன்ஸ் என்று ஷோரூமில் சொல்வது, அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை. இந்த விபத்துப் பகுதியைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். காகிதத்தில் அதன் முடிவுத் தேதி தனியாக இருக்கும். நாமினி பெயரும் அங்கேதான் இருக்கும், பல சமயம் ஷோரூம் பையன் கேட்காமலே எழுதியது.

1991, 92இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த நாட்களில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கையெழுத்துப் போடவும் அப்போது பழகியவர்கள் பலர். அவர்களில் பலர் இன்றைக்கு மாமியார்கள். அவர்களுடைய மருமகள்கள் ஸ்கூட்டியில் வங்கிக்குப் போய், கணவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கவுன்டரில் நீட்டிவிட்டு வருகிறார்கள். சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். கேட்டாலும், "ஒனக்கு எதுக்குப் புள்ள இதெல்லாம்" என்ற பதில் காத்திருக்கிறது. நல்ல நாளும் பொழுதுமாகச் சாவைப் பற்றிப் பேசாதே என்று பெரியவர்கள் அதட்டுவதைவிட இந்தச் சின்ன மறுப்புதான் அதிகக் கெடுதல் செய்கிறது.

அதனால் சாவிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. மொய் நோட்டிலிருந்து தொடங்கலாம். அதைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் இல்லை, அதைப் படிப்பது அபசகுனமும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த நோட்டுதான் பல வீடுகளில் மிகப் பெரிய சேமிப்பு, மிகப் பெரிய கடனும்கூட. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விருந்து வைப்பதாகக் கணக்கு. இடைப்பட்ட காலத்தில் ஊரெல்லாம் போட்டுவிட்டு வந்தது நமக்கு வர வேண்டியது. போன விருந்தில் நமக்கு வந்தது நாம் திருப்ப வேண்டியது. விருந்து வைத்த அடுத்த வருஷமே கணவர் இறந்தால் அந்த நோட்டு பெரும்பாலும் கடன் பட்டியல். விருந்து வைக்கப்போகும் வருஷத்தில் இறந்தால் அதே நோட்டு வரவுப் பட்டியல். எந்த நீதிமன்றத்திலும் இதை வழக்காகப் போட்டு வாங்குவது எளிதல்ல. ஊர் முகம் ஒன்றுதான் பிடிமானம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப்போட்டபோது, திருப்பிப் போடக் கையில் காசில்லாதவர்கள் எத்தனையோ பேர். அதனால் மொய்யை முழுவதுமாக ஆபத்துக் காலச் சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது; ஊருக்கே ஆபத்து வரும்போது அதுவும் சேர்ந்து முடங்கும்.

ஆனாலும் பேச்சுக்கு அது நல்ல வாசல். எந்தப் பெயர் எந்த வழி உறவு, யாருக்கு எவ்வளவு கூட்டிப் போட வேண்டும், எது கைமாற்றாகக் கொடுத்து எழுதாமல் விட்டது என்று கணவர் ஒருமுறை படித்துச் சொல்லலாம். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாலிசி எண், கிளை, நாமினி, நகைக் கடன் ரசீது, சீட்டு, கூட்டுறவுக் கடன் ஆகியவற்றை எழுதிவிடலாம். பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் மட்டும் அதில் எழுத வேண்டாம். விருந்து நாளில் பத்துப் பேர் புரட்டுகிற நோட்டு அது.

கடற்கரைப் பக்கம் இன்னொரு நிலைமையையும் பேசியாக வேண்டும். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கடலுக்குப் போனவர் இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் இருப்பதும் நடக்கிறது. உயிரோடு இருக்கிறார், கையெழுத்துப் போட முடியாது. அந்த மாதங்களில் நாமினியாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை; கூட்டுக் கணக்கு மட்டுமே கைகொடுக்கும். கடலில் காணாமல் போய் உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரை பாலிசி பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியாகிவிடும் என்பதை அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை.

இதுவரை கணவர் இறப்பதைப் பற்றியே எழுதிவிட்டேன். ஊரும் அப்படித்தான் யோசிக்கிறது. மனைவிக்கு ஏதாவது ஆனால் என்ற கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். நமது குடும்பத்தில் குழுக் கடன் அவள் பெயரில் இருக்கிறது. அதில் மீதி எவ்வளவு, எந்தக் கிழமை கூட்டம், யாரிடம் கட்ட வேண்டும் என்று கணவருக்குத் தெரியாது. மகனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரேஷன் அட்டையில் எந்த செல் நம்பர், கேஸ் புக்கிங் எந்த போனில் என்பதும் தெரியாது. அவளுக்கென்று ஒரு காப்பீடும் இல்லை. நூறு நாள் வேலைக்காகத் திறந்த வங்கிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கிலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாயும் விபத்துக் காப்பீடான சுரக்ஷாவுக்கு 20 ரூபாயும் பிடிக்கச் சம்மதித்தால், இரண்டுக்கும் தலா 2 லட்சம். முதலாவதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்தல்லாத இறப்புக்குப் பணம் கிடையாது. இரண்டாவதில் பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழுவதும் அடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போனதற்கான பதிவு இருக்க வேண்டும். இரண்டும் மே 31 வரைதான். அடுத்த ஆண்டுக்கான தொகையை மே மாதக் கடைசி வாரத்தில் வங்கி தானே எடுத்துக்கொள்ளும். அந்த வாரம் கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் யாரும் வந்து சொல்லப்போவதில்லை. ஜூன் முதல் வாரத்தில் இருவர் பாஸ்புக்கையும் எடுத்துப் போய் வரவு பதிந்து, அந்த இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வரலாம். கணவருடைய கணக்கில் நாமினியாக இருக்கும் அப்பாவின் பெயரை மாற்றும் படிவமும் அதே கவுன்டரில்தான் கிடைக்கும்.